ஐயாவா, அய்யாவா? ஒரே மடலில் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கலக்காமல் தட்டச்சு செய்வது எப்படி

எங்கள் ஆசிரியர் ஒருவரின் பணி நிறைவு விழாவுக்கு அழைப்பு மடல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. மூன்று பேர் தனித்தனியாக எழுதி அனுப்பியதை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பக்கத்துக்குள் அடக்கி, எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். கடைசி நேரத்தில் வரவேற்புரை ஆற்ற இருந்த கௌரி வர இயலாது என்று சொல்லிவிட்டார். அவர் இடத்தில் வேறொருவர் பேசுவதாக முடிவாயிற்று. மடலைத் திறந்து ‘கௌரி’ என்று தேடினேன். மூன்று இடங்கள் வந்தன. மூன்றிலும் பெயரை மாற்றி, மடலை அனுப்பிவிட்டேன். நான்காவதாக ஓர் இடம் இருந்தது. அங்கே பழைய பெயரே நின்றுவிட்டது. வராத ஒருவரும் வருகிற ஒருவரும் ஒரே மடலில் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நான்காவது இடத்தில் இருந்தது ‘கெளரி’. திரையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நூலிழை வேறுபாடு தெரியும். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

அதே மடலில் முதல் பத்தியில் ஆசிரியர் ‘அய்யா’வாக இருந்தார், அடுத்த வரியிலேயே ‘ஐயா’ ஆகிவிட்டார். அச்சிட்டுப் பார்த்தபோது ஒரு பத்தியில் மட்டும் லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் நின்றன. மூன்றும் மூன்று விதமான சிக்கல்கள். நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவழித்தேன். நீங்கள் அப்படிச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. வடிவம் வேறு, எழுத்துக்கூட்டல் வேறு: முதலில் இதைப் பிரியுங்கள்

‘பழைய எழுத்து’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனி விஷயங்கள் அடங்கியிருக்கின்றன.

ஒன்று வடிவம். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்பு, எழுத்தின் முன்னால் வளைந்து தலைக்கு மேல் ஏறும் தும்பிக்கையோடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்தே சுழிந்தது. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் அந்தச் சுழியையே பின்பற்றின. ஆக மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். 1978-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டு மாற்றியது இந்தப் பதின்மூன்றைத்தான். இன்று பள்ளியில் படிப்பதும் கைபேசியில் பார்ப்பதும் மாற்றப்பட்ட வடிவங்களே.

இரண்டாவது எழுத்துக்கூட்டல். ஐ என்பதை அய் என்றும், ஔ என்பதை அவ் என்றும் எழுதுவது. பெரியார் தம் எழுத்துச் சீர்திருத்தத்தில் இதையும் சேர்த்திருந்தார். அரசு ஆணை இதை ஏற்கவில்லை. ஆனாலும் கொள்கையாகவோ பழக்கத்தாலோ அய்யா, அய்ந்து என்று எழுதுபவர்கள் இன்றும் ஏராளம். அது பிழையல்ல, ஒரு தேர்வு.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? யூனிகோடில் பழைய னைக்கும் புதிய னைக்கும் தனித்தனிக் குறியீடு கிடையாது. இரண்டுமே ன, அதன் பின் ை. எந்த வடிவத்தில் தெரியும் என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. அதனால்தான் பழைய னையை இந்தக் கட்டுரையில் தட்டிக் காட்ட என்னால் முடியவில்லை; நான் எதைத் தட்டினாலும் உங்கள் கருவியில் இருக்கும் எழுத்துரு தன் வடிவத்தையே காட்டும். பழைய னையைத் தட்டச்சு செய்ய எந்த விசை என்று பலர் தேடுகிறார்கள். நானும் தேடினேன். அப்படி ஒரு விசை இல்லை.

ஐயும் அய்யும் அப்படியல்ல. ஐ ஒரே குறியீடு. அய் என்பது அ, ய, புள்ளி என்று மூன்று. எந்த எழுத்துருவை மாற்றினாலும் ஒன்று மற்றொன்றாகாது. ஆகவே வடிவம் கலந்திருந்தால் எழுத்துருவைச் சரிசெய்ய வேண்டும். எழுத்துக்கூட்டல் கலந்திருந்தால் சொல்லைச் சரிசெய்ய வேண்டும். நான் இரண்டு நாள் செய்தது இதற்குத் தலைகீழ்.

2. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் நேரம், செலவு

செலவு எதுவும் இல்லை. தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ‘தேடி மாற்று’ வசதி உள்ள எந்த எளிய உரைத் திருத்தியும் போதும். கைபேசியில் அரட்டைச் செயலியின் தட்டச்சுப் பெட்டிக்குள் இதைச் செய்ய முயலாதீர்கள், அங்கே தேடி மாற்ற வழி இல்லை. குறிப்பேட்டுச் செயலியில் எழுதி, சரிபார்த்து, பிறகு ஒட்டுங்கள்.

ஆவணம் என்று பார்த்தால் இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, எல்லோரிடமிருந்தும் வந்த மூல உரை, கைபடாத ஒரு நகலாக. மாற்றத்தில் ஏதாவது கெட்டுவிட்டால் திரும்பிப் பார்க்க அதுதான் துணை. மற்றொன்று பெயர்ப்பட்டியல்: மடலில் வரும் மனிதர்கள், அமைப்புகள், ஊர்கள் ஒவ்வொன்றும் தத்தம் பெயரை எப்படி எழுதுகின்றனவோ அப்படியே. பெயருக்கு உரியவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் தயாரிக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும், ஏனென்றால் மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதை முந்தைய நாளே முடித்துவிடுவது நல்லது. ஒரு பக்க மடலைச் சரிபார்க்க முதல் முறை ஒரு மணி நேரம் ஆகலாம். பழகிவிட்டால் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

3. எந்த முறை என்று ஒரே வரியில் முடிவெழுதுங்கள்

மடலின் தலையில், அனுப்பும் முன் அழித்துவிடும்படி, இப்படி ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: “இந்த மடலில் ஐ, ஔ. பெயர்கள் அவரவர் வழக்கப்படி.” அல்லது: “இந்த மடலில் அய், அவ். பெயர்கள் அவரவர் வழக்கப்படி.”

எதைத் தேர்ந்தெடுப்பது? பலர் சேர்ந்து அனுப்பும் மடல் என்றால் ஐ, ஔ என்றே வைத்துக்கொள்வது என் பரிந்துரை. பாடநூல்களிலும் அரசு மடல்களிலும் இருப்பது அது, பின்னால் யாராவது தேடும்போது பெரும்பாலும் தட்டுவதும் அது. ஆனால் மடலை அனுப்பும் அமைப்போ, மடல் யாரைப் பற்றியதோ அவரோ அய் என்று எழுதுவதைக் கொள்கையாகக் கொண்டவர் என்றால், அவர் வாழ்நாளெல்லாம் எழுதிய முறையை நாம் மாற்றக்கூடாது. எங்கள் ஆசிரியரின் கையெழுத்திலேயே ‘ஐயம்’ என்று இருந்ததைப் பார்த்துத்தான் நான் ஐ பக்கம் முடிவெடுத்தேன்.

ஒருவரின் எழுத்தை அப்படியே மேற்கோளாகக் கொடுத்தால் மேற்கோள் குறிக்குள் அவருடைய முறை நிற்கட்டும். அது கலப்பு ஆகாது.

4. வந்த உரையின் அலங்காரத்தைக் களையுங்கள்

மூன்று பேரின் உரையை நேராக ஒட்டினால் மூன்று பேரின் எழுத்துருவும் சேர்ந்தே வரும். என் மடலில் ஒரு பத்திக்கு மட்டும் தும்பிக்கை வந்தது இப்படித்தான். அதை எழுதியவர் தம் கணினியில் பழைய வடிவம் காட்டும் எழுத்துருவை வைத்திருந்தார், அது பத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒட்டும்போது சாதாரண ஒட்டலுக்குப் பதில் வெறும் உரையாக ஒட்டுங்கள். பல செயலிகளில் `Ctrl+Shift+V` இதைச் செய்யும். அது வேலை செய்யாவிட்டால் முதலில் எளிய உரைத் திருத்தியில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி நகலெடுங்கள்.

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டப்பட்ட உரை வந்தால், வெறும் உரையாக ஒட்டியதும் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பதற வேண்டாம். அதை முதலில் யூனிகோடு மாற்றியில் இட்டு மாற்றிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள். அந்த முறைகளில் ை எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும். மாற்றி சரியாக வேலை செய்யாத இடங்களில் அது புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும், அல்லது இரண்டு ஒற்றைக் கொம்புகளாக விழும். லை, னை வரும் சொற்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

5. முதலில் ஔ, அது கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால்

ஐ, அய் கலப்பு படித்தாலே தெரியும். ஔ விஷயம் படித்தாலும் தெரியாது. அதனால் இதிலிருந்து தொடங்குங்கள்.

ஔ என்ற எழுத்தில் ளகரம் போன்ற ஒரு சிறு துண்டு இருக்கிறது. கௌ என்பதிலும் அப்படியே. அதைப் பார்த்து, ஒ தட்டி, பிறகு ள தட்டி, ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறோம். கெ தட்டி ள தட்டினால் ‘கெளரி’. குறியீட்டில் அவை இப்படி நிற்கின்றன:

```
கௌ   0B95 0BCC
கெள  0B95 0BC6 0BB3
ஔ    0B94
ஒள   0B92 0BB3
```

ஐயம் வந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. சொல்லின் தொடக்கத்தில் சுட்டியை வைத்து வலப்பக்க அம்பு விசையைத் தட்டுங்கள். கௌ என்றால் ஒரே தட்டில் தாண்டும். கெள என்றால் இரண்டு தட்டு வேண்டும். கைபேசியில் அம்பு விசை இல்லாவிட்டால் அந்த எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை அழியுங்கள். கெ மிஞ்சினால் அது பிழையான வடிவம்.

தமிழ்99 விசைப்பலகையில் ஔ-வுக்குத் தனி விசை இருக்கிறது: `z`. கௌ வேண்டுமானால் `hz`. ஒலிபெயர்ப்பு முறையில் `au` என்று தட்டினால் பெரும்பாலும் சரியாக வரும். பழைய தட்டச்சுப்பொறியில் பழகியவர்களுக்குத்தான் கைவிரல் தானாக ளகரத்துக்குப் போய்விடுகிறது.

இனி மடலில் `ெள`, `ஒள` இரண்டையும் தேடுங்கள். இங்கேதான் பெரிய பொறி: இவற்றை மொத்தமாக மாற்றவே கூடாது. வெள்ளி, தெளிவு, வெள்ளம், ஒளி, ஒள்ளிய ஆகியவற்றிலும் இதே எழுத்துகள் நியாயமாக நிற்கின்றன. ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரு அழுத்து அழுத்தினால் வெள்ளி ‘வௌ்ளி’ ஆகிவிடும், மடல் முழுக்கப் புள்ளிகள் சிதறும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். பிரித்தறிய ஓர் அடையாளம்: ளகரத்தின் மேல் புள்ளியோ அதனோடு வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ள. ள வெறுமனே நின்று, அடுத்து வேறு எழுத்து வந்தால் (மெளனம், பெளர்ணமி, கெளரவம், ஒளவை) அது பெரும்பாலும் ஔகாரம்.

மூன்றாவதாக ஒரு முறையும் இருக்கிறது. செய்தித்தாள்களில் மவுனம், பவுர்ணமி, கவுரவம் என்று பார்த்திருப்பீர்கள். அய் முறையை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் இதோடுதான் அது இயல்பாகப் பொருந்தும்: ஔவையார் என்பது அவ்வையார், மௌனம் என்பது மவுனம். ‘மவ்னம்’ என்று எழுதிவிடாதீர்கள், வாயில் வராது. ஐ முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் மவுனத்தையும் தேடி மௌனம் ஆக்குங்கள். எதிலிருந்து எதற்குப் போனாலும் `அவ்` என்பதை மொத்தமாக மாற்றாதீர்கள். அவ்வளவு, அவ்வாறு, அவ்வப்போது எல்லாம் நாசமாகும்.

6. அடுத்து ஐயும் அய்யும்

இது சற்று எளிது. உயிரெழுத்தான அ சொல்லின் முதலில்தான் வரும் என்பதால் `அய்` என்று தேடினால் அகப்படுவது கிட்டத்தட்ட எல்லாமே நாம் தேடுவதுதான். புள்ளியோடு சேர்த்துத் தேடுங்கள். புள்ளியை விட்டு `அய` என்று தேடினால் அயல், அயர்வு எல்லாம் வந்து நிற்கும்.

அய் என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு ஐ வையுங்கள். அவ்வளவே. அய்யா என்பது ஐயா ஆகும், அய்ந்து என்பது ஐந்து ஆகும். சிலர் ‘அய்ய’ என்று மூன்று எழுத்தையும் எடுத்துவிட்டு ஐ போடுகிறார்கள். மிச்சமிருக்கும் கால் ஐயோடு ஒட்ட முடியாமல் புள்ளிவட்டத்தில் தொங்கும். அப்படி ஒரு வட்டம் தெரிந்தால் காரணம் இதுதான்.

எதிர்த்திசையில் போவதும் இதே கணக்கு: ஐ எடுத்து அய். ஐ.நா. கூட அய்.நா. ஆக வேண்டும், அங்கே மட்டும் ஐ விட்டுவைத்தால் கலப்பு மிஞ்சும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டியவை மூன்று.

ஐந்து அய்ந்தாக மாறினாலும் பதினைந்து மாறாது. அதில் ஐ தனியெழுத்தாக இல்லை, னையாகச் சேர்ந்துவிட்டது. இருபத்தைந்து, நாற்பத்தைந்தும் அப்படியே. ஒரே மடலில் அய்ந்தும் பதினைந்தும் இருந்தால் அதைக் கலப்பு என்று எண்ணித் திருத்த வேண்டாம். அய் எழுதுபவர்களும் கை, தலை, நினைவு என்றுதான் எழுதுகிறார்கள்.

ஐயா என்று தேடினால் ஐயாயிரமும் அகப்படும். நான் ஓரிடத்தில் ‘ஐயா’வை ‘ஆசிரியர்’ என்று மொத்தமாக மாற்றப் போய், நன்கொடைக் கணக்கில் ஐயாயிரம் ‘ஆசிரியர்யிரம்’ ஆகிவிட்டது. நல்லவேளையாக அனுப்பும் முன் கண்ணில் பட்டது. சொல்லை மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பெயர்களைத் தொடாதீர்கள். அய்யா வைகுண்டர், அய்யாவழி என்பவை அப்படியே வழங்கும் பெயர்கள். அய்யப்பன் என்று ஒருவர் கையெழுத்திட்டால் அவர் அய்யப்பன்தான், மடல் ஐ முறையில் இருந்தாலும். பெயர்ப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றச் சொன்னது இதற்காகவே.

7. சொல்லின் நடுவில் யகரத்துக்கு முன்: மையமும் மய்யமும்

அய் முறையில் எழுதும் சிலர் யகரத்துக்கு முன் வரும் ஐகாரத்தையும் விரிப்பார்கள்: மையம் மய்யம் ஆகும், பையன் பய்யன் ஆவான், வையகம் வய்யகம் ஆகும். எல்லோரும் அல்ல. ஒரு மடலுக்குள் இவற்றில் ஒன்றை விரித்தால் மற்றவற்றையும் விரியுங்கள். இல்லாவிட்டால் எதையும் விரிக்க வேண்டாம். மக்கள் நீதி மய்யம் என்ற கட்சிப் பெயர் எந்த முறையிலும் அப்படியே நிற்கும்.

இதற்கு `ய்ய` என்று தேடி மாற்றலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். செய்ய, பொய்யான, மெய்யாக, நெய்யில் எல்லாம் அதே எழுத்துகள். மையம், பையன், வையகம் என்று முழுச் சொல்லாகவே தேடுங்கள். இப்படிப்பட்ட சொற்கள் ஒரு பக்க மடலில் ஒன்றிரண்டுக்கு மேல் வராது.

8. ஒரு பத்தியில் செய்து பார்ப்போம்

எனக்கு வந்த உரையைச் சுருக்கிச் சொன்னால் இப்படி இருந்தது:

“அய்யா அவர்கள் பதினைந்து ஆண்டுகள் எங்களுக்குத் தலைமையாசிரியராக இருந்தார். ஐயாவிடம் படித்த அய்ம்பது பேர் இன்று ஆசிரியர்கள். ஒளவையார் பாடல்களை நாங்கள் சொல்ல, அவர் மெளனமாகக் கேட்டு ரசிப்பார். பிழை வந்தால் ஐயம் தெளிவிப்பார். அவ்வளவு பொறுமை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாருங்கள்.”

முடிவு: ஐ, ஔ. முதலில் `ஒள` தேடினேன். ஓரிடம், ஒளவையார். ள வெறுமனே நின்று வை வருகிறது, ஆகவே ஔவையார். அடுத்து `ெள`. மூன்று இடங்கள்: மெளனமாக, தெளிவிப்பார், வெள்ளிக்கிழமை. தெளிவில் ளி, வெள்ளியில் ள் என்று இருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் மாற்றினேன். `அவ்` ஓரிடம், அவ்வளவு, அதைத் தொடவில்லை. `அய்` இரண்டு இடங்கள், அய்யாவும் அய்ம்பதும். இரண்டும் பெயரல்ல, மாற்றினேன். பதினைந்தில் செய்ய ஒன்றுமில்லை. முடிவில்:

“ஐயா அவர்கள் பதினைந்து ஆண்டுகள் எங்களுக்குத் தலைமையாசிரியராக இருந்தார். ஐயாவிடம் படித்த ஐம்பது பேர் இன்று ஆசிரியர்கள். ஔவையார் பாடல்களை நாங்கள் சொல்ல, அவர் மௌனமாகக் கேட்டு ரசிப்பார். பிழை வந்தால் ஐயம் தெளிவிப்பார். அவ்வளவு பொறுமை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாருங்கள்.”

மொத்தம் நான்கே மாற்றங்கள். மொத்தமாக மாற்றும் பொத்தானை ஒருமுறைகூடத் தொடவில்லை. முடித்தபின் நான்கு தேடலையும் மறுபடி ஓட்டினேன்: `அய்` இல்லை, `ஒள` இல்லை, `ெள` தெளிவிலும் வெள்ளியிலும் மட்டும், `அவ்` அவ்வளவில் மட்டும். இதுதான் முடிந்தது என்பதற்கு அடையாளம்.

நீண்ட மலர், ஆண்டறிக்கை போன்றவற்றுக்கு எண்ணிக்கையை மட்டும் முதலில் பார்க்க, பைத்தான் இருந்தால் இந்த நான்கு வரி போதும். இது எதையும் மாற்றாது, எண்ணிச் சொல்லும்:

```
t = open("madal.txt", encoding="utf-8").read()
for s in ["ஐ", "அய்", "ஔ", "ஒள",
          "ௌ", "ெள", "அவ்"]:
    print(s, t.count(s))
```

ஐ, அய் இரண்டுக்கும் எண் வந்தால் மடலில் கலப்பு இருக்க வாய்ப்புண்டு. பெயர்களால் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

9. வடிவத்தைக் கடைசியில் பாருங்கள்

சொற்கள் சரியான பிறகு முழு மடலையும் தேர்ந்து ஒரே எழுத்துரு கொடுங்கள். தலைப்பையும் சேர்த்து. தலைப்புக்கு மட்டும் அழகான வேறொரு எழுத்துரு கொடுக்கும்போதுதான் தலைப்பில் பழைய லையும் உள்ளே புதிய லையும் வந்துவிடுகின்றன. இரண்டு எழுத்துரு வேண்டுமென்றால் இரண்டும் ஒரே வடிவம் காட்டுகின்றனவா என்று சோதியுங்கள். சோதிக்க இந்த ஏழு சொற்களை இரண்டிலும் தட்டிப் பாருங்கள்:

துணை, தலை, வேளை, வினை, கண்ணாடி, நன்றாக, என்னால்.

ணொ, ணோ போன்ற மற்ற ஆறும் ணா, றா, னாவின் காலையே பயன்படுத்துவதால் இந்த ஏழு சரியென்றால் பெரும்பாலும் எல்லாம் சரி. எழுத்துருவில் தமிழே இல்லாவிட்டால் கணினி வேறொன்றைத் தானாக எடுத்துக்கொள்ளும். பெட்டியில் ஒரு பெயர் இருந்து, திரையில் வேறு எழுத்து தெரியக் காரணம் அதுதான்.

பழைய வடிவத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. மூத்த ஆசிரியருக்கான வாழ்த்து மடலில் அது அழகாகவே இருக்கும். ஆனால் முழு மடலும் அப்படி இருக்கட்டும். தேதி, நேரம், இடம் உள்ள வரிகளை அந்த வடிவம் பழகாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மடலை எழுத்தாக அனுப்பினால் வடிவம் உங்கள் கையில் இல்லை, பெறுபவரின் கருவியிலுள்ள எழுத்துருவில்தான் அது தெரியும். வடிவம் மாறக்கூடாது என்றால் எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள், அல்லது படமாக. படமாக அனுப்பினால் யாரும் தேட முடியாது. நான் இப்போதெல்லாம் பிடிஎஃப் கோப்பையும், கீழே தேதி, நேரம், பேசுபவர் பெயர்களை எழுத்தாகவும் அனுப்புகிறேன்.

10. கைபேசியின் பரிந்துரையைக் கவனியுங்கள்

எல்லாம் சரிசெய்து முடித்து, அனுப்பும்போது மேலே ‘வணக்கம் ஐயா’ என்று இரண்டு சொல் சேர்க்கிறோம் அல்லவா? கைபேசி விசைப்பலகை தன் பரிந்துரைப் பட்டையில் ஐயா, அய்யா இரண்டையும் காட்டும். அவசரத்தில் விரல் எதன்மேல் படுகிறதோ அது போய்விடும். வேண்டாத சொல்லைப் பரிந்துரைப் பட்டையில் அழுத்திப் பிடித்தால், பல விசைப்பலகைகளில் அதை நீக்கும் வாய்ப்பு வரும். வேண்டிய சொல்லைத் தனிப்பட்ட அகராதியில் சேர்த்துவைக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால் முகப்பு வரியையும் குறிப்பேட்டிலேயே எழுதி, மடலோடு சேர்த்து ஒட்டுங்கள். மூன்றாம் படியில் எழுதிய முடிவு வரியை அழித்துவிட்டீர்களா என்று பார்த்த பிறகு.